ஒற்றை வரைவா, அடைப்புக்குறி வரைவா: பல தரப்புப் பேச்சுவார்த்தைக்கு எதைத் தேர்வது?

மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட தரப்புகளை ஓர் உடன்பாட்டுக்குக் கொண்டுவரும் பொறுப்பை ஏற்பவர், பேச வேண்டிய பொருளுக்குள் இறங்குவதற்கு முன்பே ஒரு முடிவை எடுத்தாக வேண்டும்: மேசையின் மீது எந்தத் தாள் இருக்கப் போகிறது? ஒவ்வொரு தரப்பும் தன் முன்மொழிவைக் கொண்டுவந்து மற்றவர்களோடு பேரம் பேசுவது ஒரு வழி. எல்லா முன்மொழிவுகளையும் ஒரே ஆவணத்தில் தொகுத்து, ஒத்துப்போகாத சொற்களை அடைப்புக்குறிக்குள் வைத்து, அந்தக் குறிகளை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே போவது இரண்டாவது வழி. எந்தத் தரப்பையும் சாராத ஒருவர் ஒரே ஒரு வரைவை எழுதி, அதற்கு யாரிடமும் ஒப்புதல் கேட்காமல், குறைகளை மட்டும் கேட்டுக் கேட்டுத் திருத்தி, இனித் திருத்த முடியாது என்ற நிலையில் ‘ஏற்கிறீர்களா, இல்லையா’ என்று எல்லாரிடமும் ஒரே கேள்வியை வைப்பது மூன்றாவது வழி. இதைத்தான் ஒற்றை வரைவு முறை என்கிறோம். இது பல இடங்களில் மற்ற இரண்டையும்விட வேகமாகவும் நல்ல முடிவோடும் நிறைவேறியிருக்கிறது. ஆனால் பேனா யார் கையில் இருக்கிறது, அந்தக் கையை எது கட்டுப்படுத்துகிறது என்ற இரண்டையும் தீர்மானிக்காமல் இதில் இறங்கினால், அடைப்புக்குறி வரைவைவிட மோசமான இடத்தில் போய் நிற்க நேரிடும் என்பது என் கருத்து. அதனால் மூன்றையும் ஒப்பிடும்போது அந்தப் பேனாவின் மீதே கண் வைத்திருப்போம்.

முதல் வழியைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேர் ஒரு பொருளின் விலையைப் பேசும்போது அது இயல்பான வழி. ஒருவர் ஏற, மற்றவர் இறங்க, நடுவில் எங்கோ முடியும். தரப்புகள் கூடக் கூட அது பயனற்றுப் போகிறது. நான்கு தரப்புகள் இருந்தால் இருவர் இருவராக ஆறு பேரங்கள் நடக்க வேண்டும். 150 தரப்புகள் இருந்தால் 11,175. எண்ணிக்கையைவிடப் பெரிய தடை வேறொன்று. இருவர் பேரத்தில் நான் ஒன்றை விட்டுக்கொடுத்தால் பதிலுக்கு எனக்கு என்ன கிடைக்கும் என்று எனக்குத் தெரியும். பத்துப் பேர் இருக்கும் இடத்தில் நான் விட்டுக்கொடுப்பது யாருக்கோ போய்ச் சேர்கிறது, எனக்குத் தர வேண்டியவர் வேறு யாரோ. ஆகவே ஒருவரும் முதலில் அசைவதில்லை.

இந்த முட்டுக்கட்டையைத் தவிர்க்கத்தான் பன்னாட்டு மாநாடுகள் அடைப்புக்குறி வரைவை நாடுகின்றன. கொள்கை எளிது: எவர் எதைச் சொன்னாலும் அது தாளில் ஏறும், எல்லாரும் ஒத்துக்கொண்டால் மட்டும் இறங்கும். ஒரு வாக்கியம் இப்படி இருக்கும்: ‘உறுப்பு நாடுகள் [ஒவ்வோர் ஆண்டும்] [இரண்டாண்டுக்கு ஒருமுறை] தங்கள் அறிக்கையை [அளிக்க வேண்டும்] [அளிக்கலாம்] [தங்கள் திறனுக்கு ஏற்ப].’ ஒரே வாக்கியத்தில் குறைந்தது எட்டு வாக்கியங்கள் ஒளிந்திருக்கின்றன. அவற்றில் எதையும் யாரும் இன்னும் எழுதவில்லை. இம்முறையின் பலம் அதன் நியாயத்தில் இருக்கிறது. என் சொல் இதில் இல்லை என்று யாரும் புகார் சொல்ல முடியாது. வரைவைப் பராமரிக்கும் செயலகத்துக்குத் தனி அதிகாரம் ஏதும் இல்லை. அது எழுத்தர் வேலைதான்.

பலவீனம் அந்த நியாயத்திலிருந்தே பிறக்கிறது. அடைப்புக்குறியை வைப்பதற்கு எந்தச் செலவும் இல்லை. எடுப்பதற்கோ விலை கொடுக்க வேண்டும். ஆகவே சாமர்த்தியமான தரப்பு, தனக்கு உண்மையில் வேண்டாத சொற்களைக்கூட அடைப்புக்குறிக்குள் போட்டு வைக்கும். பிறகு அவற்றை நீக்குவதையே விட்டுக்கொடுத்தலாகக் காட்டி விலை கேட்கும். ஜெனிவாவில் ஆயுதக் குறைப்பு மாநாடு 1994-இல் அணு ஆயுதச் சோதனைத் தடை உடன்படிக்கையைப் பேசத் தொடங்கியபோது இந்த முறையைத்தான் பின்பற்றியது. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் தொகுப்பு வரைவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடைப்புக்குறிகள் நின்றுகொண்டிருந்தன. அவற்றில் எது உயிர்நாடி, எது பேரப் பொருள் என்று வெளியே நின்று பார்ப்பவரால் பிரித்தறிய முடியாது. இதுதான் அடைப்புக்குறி வரைவின் உண்மையான குறை: அது நிலைப்பாடுகளைப் பதிவு செய்கிறது, அந்த நிலைப்பாடுகளுக்குப் பின்னால் இருக்கும் தேவையைப் பதிவு செய்வதில்லை.

ஒற்றை வரைவு முறை எங்கே வேறுபடுகிறது என்பதைச் சிறிய அளவில் பார்த்தால்தான் விளங்கும். நான்கு அமைப்புகளுக்குப் பொதுவான ஓர் அரங்கு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நாடகக் குழு ஒன்று, விளையாட்டுச் சங்கம் ஒன்று, மாலை வகுப்பு நடத்தும் பயிற்சி நிறுவனம் ஒன்று, மூத்தோர் மன்றம் ஒன்று. நாடகக் குழு நிகழ்ச்சிக்கு முந்தைய மாதம் முழுவதும் மாலை நேரம் வேண்டும் என்கிறது. விளையாட்டுச் சங்கம் ஆண்டு முழுவதும் வாரத்தில் மூன்று மாலைகளைக் கேட்கிறது. பயிற்சி நிறுவனம் வார நாள்கள் அனைத்திலும் ஆறு முதல் ஒன்பது மணிவரை கேட்கிறது. மூத்தோர் மன்றம் பிற்பகல்களில் வேறு யாரும் உள்ளே பொருள்களை வைத்திருக்கக் கூடாது என்கிறது. நாள்காட்டியில் இவற்றை எழுதினால் மாலைகள் போதாது. பேரம் என்று இறங்கினால் ‘புதன்கிழமையை நீ விடு, வெள்ளியை நான் விடுகிறேன்’ என்ற அளவில் சிக்கிக்கொள்ளும்.

வரைவு எழுதப் பொறுப்பேற்பவர் முதலில் நால்வரையும் தனித்தனியே சந்தித்து, என்ன வேண்டும் என்பதைவிட ஏன் வேண்டும் என்பதைக் கேட்கிறார். நாடகக் குழுவுக்கு மாலைகள் முக்கியமில்லை. மேடைக்காட்சி அமைப்பைத் தினமும் கழற்றி மாட்ட இரண்டு மணி நேரம் போகிறது என்பதே சிக்கல். விளையாட்டுச் சங்கத்துக்குப் போட்டிப் பருவம் இருபத்துநான்கு வாரங்கள்தான். மற்ற வாரங்களைக் கேட்டது, விட்டால் திரும்பக் கிடைக்காது என்ற பயத்தால். பயிற்சி நிறுவனம் மூன்று மாதங்களுக்கு முன்பே வகுப்பு அட்டவணையை வெளியிட்டுக் கட்டணம் வாங்கிவிடுகிறது. கடைசி நேரத்தில் மாற்றினால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மூத்தோருக்குத் தரையில் கிடக்கும் மின்கம்பிகளில் கால் தடுக்கி விழும் அச்சம். இவற்றைக் கேட்டபின் அவர் எழுதும் முதல் வரைவு ஒன்றரைப் பக்கம்தான். தலைப்பின் கீழே ‘இது யாருடைய முன்மொழிவும் அன்று, இதற்கு யாரும் ஒப்புதல் தரவில்லை’ என்று இருக்கிறது. உள்ளே, முன்பதிவு தொண்ணூறு நாள்களுக்கு முன் உறுதியாக வேண்டும் என்றும், ஆண்டுக்கு இருமுறை இருபத்தொரு நாள்களுக்கு அரங்கின் பின்பகுதியை நகரும் தடுப்பால் மறைத்து மேடைக்காட்சியை அங்கேயே விட்டுவைக்கலாம் என்றும், போட்டிப் பருவத்தில் மட்டும் சங்கத்துக்கு மூன்று மாலைகள் என்றும் இருக்கிறது.

இப்போது அவர் கேட்கும் கேள்விதான் இந்த முறையின் உயிர். ‘இது உங்களுக்குச் சம்மதமா?’ என்று அவர் கேட்பதில்லை. சம்மதம் கேட்டால் மனிதர்கள் பேரத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ‘இது உங்களுடைய எந்தத் தேவையைக் கவனிக்கத் தவறியிருக்கிறது?’ என்று கேட்கிறார். குறை சொல்வது எல்லாருக்கும் எளிது. குறை சொல்வதால் எவரும் எதையும் இழப்பதில்லை. மூத்தோர் மன்றம், பின்பகுதித் தடுப்பு சாய்தளம் உள்ள கதவை அடைத்துவிடுகிறது என்று காட்டுகிறது. அது வரைந்தவரின் கண்ணில் படாத ஒன்று. விளையாட்டுச் சங்கம், மீதமுள்ள முன்பகுதி ஆடுகளத்துக்குக் குட்டை என்கிறது. இரண்டாவது வரைவில் தடுப்பு கதவில்லாத பக்கத்துக்கு நகர்கிறது. அந்த இருபத்தொரு நாள்கள் பருவத்தோடு மோதாதபடி நாடகத்தின் இரண்டு காலங்களும் பருவத்துக்கு வெளியே வைக்கப்படுகின்றன. நாடகக் குழு இதற்குக் குறை சொல்கிறது: ஒரு காலம் ஒத்துவரும், மற்றொன்று ஒத்துவராது. மூன்றாவது வரைவில் அந்த ஒன்றுக்கு மட்டும் பயிற்சி ஆட்டங்கள் வார இறுதிக் காலைகளுக்கு மாறுகின்றன. தடுப்பின் செலவை யார் ஏற்பது என்ற கேள்வி இப்போதுதான் எழுகிறது. நான்காவது வரைவு அதைப் பயன்படுத்தும் மணி நேரத்தின் விகிதத்தில் பிரிக்கிறது. இதுவரை ஒருவர்கூட ‘நான் இதை விட்டுக்கொடுக்கிறேன்’ என்று சொல்லவில்லை. கடைசியில் வரைந்தவர், என்னால் இதற்குமேல் மேம்படுத்த முடியவில்லை, இதுவா அல்லது இப்போதிருக்கும் நிலையே தொடரட்டுமா என்று நால்வரிடமும் கேட்கிறார். ஒவ்வொருவருக்கும் தேவைப்படும் முடிவு ஒன்றே ஒன்று. மற்ற மூவரும் சரி என்றால்தான் தன் சரியும் செல்லும் என்பதும் அவர்களுக்குத் தெரியும்.

இதே வேலையை நாடுகளுக்கிடையே செய்ததில் பரவலாக அறியப்பட்டது 1978 செப்டம்பரில் அமெரிக்க அதிபரின் ஓய்விடமான கேம்ப் டேவிட்டில் நடந்தது. எகிப்தின் அதிபர் சதாத் தன் கடுமையான முன்மொழிவை வாசித்ததும், இஸ்ரேலின் பிரதமர் பெகின் கொதித்துப்போனதும் முதல் சில நாள்களில் நடந்தன. அதாவது முதல் வழி அங்கே முயலப்பட்டுத் தோற்றது. அதன்பின் அமெரிக்க அதிபர் கார்ட்டர் இருவரையும் நேருக்கு நேர் பேச வைப்பதை நிறுத்திவிட்டு, அமெரிக்கக் குழு எழுதிய ஒரே வரைவை இரு குடில்களுக்கும் மாறி மாறி எடுத்துச் சென்றார். பதின்மூன்று நாள்களில் இருபத்துமூன்று வரைவுகள் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. இங்கே இரண்டு செய்திகள் நம் தேர்வுக்கு உதவும். முதலாவது, வரைந்தவர் நடுநிலையாளர் அல்லர். அமெரிக்காவுக்கு அந்தப் பகுதியில் சொந்த நலன்கள் ஏராளம். அதை இருவரும் அறிவார்கள். ஆனாலும் எதிரியின் வரைவைவிட அமெரிக்காவின் வரைவைத் தொடக்கப் புள்ளியாக ஏற்பது இருவருக்கும் எளிதாக இருந்தது. நடுநிலை என்பதற்கு நடைமுறையில் இதற்குமேல் பொருள் தேடத் தேவையில்லை: எதிரியின் பேனாவைவிட இந்தப் பேனா மேல் என்று ஒவ்வொரு தரப்பும் நினைத்தால் போதும்.

இரண்டாவது செய்தி, வரைவுக்கு வெளியே வைக்கப்பட்டவை. எருசலேம் பற்றி ஒரு சொல்லில்கூட இருவரும் ஒத்துப்போக முடியாததால், அது உடன்பாட்டிலிருந்து விலக்கப்பட்டு அவரவர் நிலைப்பாடு தனித்தனிக் கடிதங்களில் எழுதப்பட்டது. இஸ்ரேல் கைப்பற்றியிருந்த எகிப்தின் சினாய்ப் பகுதியில் இருந்த இஸ்ரேலியக் குடியிருப்புகளை அகற்ற பெகின் தாமே ஒப்ப மறுத்ததால், அந்த முடிவு இஸ்ரேல் நாடாளுமன்றத்துக்கு அனுப்பப்பட்டு, அங்கே 84 வாக்குகளுக்கு 19 என்ற கணக்கில் நிறைவேறியது. இவை திறமையான விலக்கல்கள். மேற்குக் கரையில் புதிய குடியிருப்புகளை நிறுத்தி வைப்பது பற்றிய வாக்குறுதியோ பேச்சிலும் கடித வாக்குறுதியிலும் தொங்கியது. அது பாலஸ்தீனத் தன்னாட்சிப் பேச்சு முடியும்வரை என்று கார்ட்டர் புரிந்துகொண்டார், மூன்று மாதங்களுக்கு மட்டுமே என்று பெகின் சொன்னார். ஒற்றை வரைவின் முழுப் பயனும் எல்லாரும் ஒரே சொற்களைப் பார்க்கிறார்கள் என்பதில் இருக்கிறது. ஒன்றை வெளியே வைப்பதானால், வெளியே வைக்கிறோம் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். நினைவை நம்பி விடக்கூடாது.

ஆனால் கேம்ப் டேவிட்டில் தரப்புகள் இரண்டே. பல தரப்புகள் உள்ள இடத்தில் ஒற்றை வரைவு என்ன செய்யும், என்ன செய்யாது என்பதற்கு மூன்றாவது ஐ.நா. கடல் சட்ட மாநாட்டைப் போன்ற பாடம் வேறில்லை. 150-க்கும் மேற்பட்ட நாடுகள், 1973 முதல் 1982 வரை. தொடங்கும்போது கையில் இருந்தது கடற்படுகைக் குழு தொகுத்திருந்த ஒன்றுக்கொன்று முரணான முன்மொழிவுகளின் குவியல். 1974-இல் கராகஸ் நகரில் பத்து வாரங்கள் கூடியும், நாடுகளின் விருப்பங்களை மாற்று வாசகங்களாக வரிசைப்படுத்தியதைத் தாண்டி நகர முடியவில்லை. அடுத்த ஆண்டு ஜெனிவாவில், மாநாட்டின் தலைவராக இருந்த இலங்கையின் ஹாமில்டன் ஷெர்லி அமரசிங்க, மூன்று முதன்மைக் குழுக்களின் தலைவர்களையும் அழைத்து, ஒவ்வொருவரும் தத்தம் பொருளுக்கு ஒரே வரைவை எழுதித் தரும்படி கேட்டுக்கொண்டார். 1975 மே மாதம் கூட்டத்தொடர் முடியும் தறுவாயில் அது விநியோகிக்கப்பட்டது. பேசித் தீர்த்த வாசகம் என்றோ, ஏற்றுக்கொண்ட சமரசம் என்றோ அதைக் கருதக் கூடாது, அது எந்த நாட்டின் நிலைப்பாட்டையும் கட்டுப்படுத்தாது என்பது தெளிவாகச் சொல்லப்பட்டது. ‘முறைசாரா ஒற்றைப் பேச்சுவார்த்தை வரைவு’ என்ற பெயரில் ‘முறைசாரா’ என்ற சொல் முதலில் நிற்பது சும்மா இல்லை.

விநியோகித்த நேரமும் கவனிக்கத்தக்கது. கூட்டத்தொடர் முடியும் நேரத்தில் கொடுத்ததால் பேராளர்கள் அங்கேயே எழுந்து எதிர்ப்புரை நிகழ்த்த வாய்ப்பில்லை. தாளை எடுத்துக்கொண்டு தலைநகரங்களுக்குப் போய், அமைச்சகங்களோடு பேசி, எதில் உண்மையான சிக்கல் இருக்கிறது என்று கண்டுகொண்டு அடுத்த ஆண்டு திரும்பினார்கள். எந்த அளவிலும் பின்பற்றத்தக்க பழக்கம் இது. வரைவைக் கொடுத்த கூட்டத்திலேயே கருத்துக் கேட்டால் முகபாவங்கள்தான் கிடைக்கும்.

அதன்பின் சுமை இடம் மாறியது. முன்பு, ஒரு வாசகம் உள்ளே வர வேண்டுமானால் அதை விரும்புபவர் எல்லாரையும் இணங்க வைக்க வேண்டியிருந்தது. இப்போது வாசகம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறது; அதை மாற்ற விரும்புபவர்தான் ஆதரவு திரட்ட வேண்டும். சட்டப்படி எந்த மதிப்பும் இல்லாத அந்தத் தாள் இப்படித்தான் கனத்தது. அதில் 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் எழுதப்பட்டிருந்தது; உடன்படிக்கை கையெழுத்தாவதற்கு ஐந்தாறு ஆண்டுகளுக்கு முன்பே, 1976-லும் 1977-லும், பல கடலோர நாடுகள் தங்கள் உள்நாட்டுச் சட்டத்தில் 200 மைல் மண்டலங்களை எழுதிக்கொண்டன. வரைவு 1976-இல் திருத்தப்பட்டது, 1977-இல் ஒருங்கிணைந்த வரைவானது, பிறகு மும்முறை திருத்தம் கண்டு 1981-இல் முறையான வரைவு உடன்படிக்கையாயிற்று. ஒற்றை வரைவு வெறும் எழுத்துப் பணி என்று நினைப்பவர் இந்தக் கனத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. முதல் வரைவை எழுதுபவர், பேச்சுவார்த்தையின் முக்கால்வாசியை எழுதிவிடுகிறார்.

அதனாலேயே பேனா தவறினால் சேதமும் பெரிது. ஆழ்கடற்படுகையில் உள்ள கனிமங்களை யார் எடுப்பது என்பதுதான் மாநாட்டின் கடினமான முடிச்சு. 1977-இல் நார்வேயின் யென்ஸ் எவென்சன் அதைப் பற்றித் தொழில்வள நாடுகளையும் வளரும் நாடுகளையும் வைத்து வாரக்கணக்கில் பேசி ஒரு சமரச வாசகத்தை உருவாக்கினார். அதற்குப் பொறுப்பான குழுவின் தலைவர், கேமரூனின் பால் எங்கோ, அந்த வாசகத்தை அப்படியே ஏற்காமல் தாமே பல இடங்களில் மாற்றி ஒருங்கிணைந்த வரைவில் சேர்த்தார். அமெரிக்கத் தூதுக்குழுத் தலைவர் எலியட் ரிச்சர்ட்சன் அது ஏற்கவே முடியாதது என்று வெளிப்படையாக எதிர்த்தார். மாற்றங்கள் சரியா தவறா என்பது இங்கே பொருட்டில்லை. யாரோடும் பேசாமல் மாறியிருந்தன என்பதுதான் குற்றச்சாட்டு. குறை சொன்னவர்களின் குறைக்கும் அடுத்த வரைவில் வந்த மாற்றத்துக்கும் தொடர்பு அறுந்துவிட்டால், ஒற்றை வரைவு என்பது ஒருவரின் வரைவாகிவிடுகிறது.

மாநாடு அதற்குக் கண்டுபிடித்த தீர்வை, இந்த முறையைக் கையாள நினைக்கும் எவரும் மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளலாம். 1978-இல் எடுத்த முடிவின்படி, வரைவில் எந்தத் திருத்தமும் பேச்சுவார்த்தையிலிருந்தே வர வேண்டும். தலைவரோ குழுத் தலைவரோ எவராயினும் தனி ஒருவரின் முயற்சியில் நுழைக்கக் கூடாது. முழு அவையின் முன் வைத்து, பரவலான, கணிசமான ஆதரவின் அடிப்படையில் ஒருமித்த கருத்துக்கான வாய்ப்பைக் கணிசமாகக் கூட்டும் என்று காணப்பட்டால் மட்டுமே அது ஏறும். ஒரே விதியில் இரண்டு பூட்டுகள் இருக்கின்றன. வரைபவர் தன் விருப்பப்படி எழுத முடியாது. அதே நேரம், கடைசிச் சுற்றில் வந்து ‘எனக்கு இதை மட்டும் மாற்றிக் கொடுங்கள்’ என்று கேட்கும் தரப்பும், தன் மாற்றம் மற்றவர்களையும் நெருங்கி வரச்செய்கிறது என்று காட்டாமல் எதையும் வாங்க முடியாது. இரண்டாவது பூட்டு இல்லாத இடத்தில் பொறுமைசாலிக்கே பரிசு: கடைசியில் குறை சொல்பவர் அதிகம் பெறுகிறார் என்று தெரிந்துவிட்டால், உண்மையான குறைகளை எல்லாரும் கடைசிவரை மறைத்து வைப்பார்கள்.

இவ்வளவும் செய்தும் முழு ஒப்புதல் கிடைக்கவில்லை. அமெரிக்காவில் ஆட்சி மாறி, புதிய அரசு வரைவில் ஆழ்கடற்படுகை பற்றிய பகுதியை ஏற்க மறுத்தது. 1982 ஏப்ரல் 30 அன்று அமெரிக்காவே வாக்கெடுப்பு கேட்டது. 130 நாடுகள் ஆதரவாகவும் 4 எதிராகவும் வாக்களிக்க, 17 ஒதுங்கிக்கொண்டன. அந்த ஒரு பகுதியைத் திருத்தும் தனி உடன்பாடு 1994-இல்தான் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில்தான் உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்தது. ஒரு தரப்பின் தேவையே நடுவழியில் மாறிவிட்டால் எந்த வரைவு முறையும் அதைச் சமாளிக்காது. இதைப் பேனாவின் குறையாக எண்ணக் கூடாது.

பேனாவின் குறையாக நான் எண்ணுவது, முன்பு சொன்ன சோதனைத் தடை உடன்படிக்கையின் கடைசிக் கட்டத்தை. ஆயிரம் அடைப்புக்குறிகளோடு நின்ற வரைவை அப்படியே விட்டால் குறித்த காலத்துக்குள் முடியாது என்று கண்ட குழுத் தலைவர், நெதர்லாந்தின் யாப் ராமாக்கர், 1996 மே மாத இறுதியில் அடைப்புக்குறி ஏதுமற்ற ஒரு தூய வரைவை முன்வைத்தார். பெரும்பாலான விஷயங்களில் அது வெற்றி. இரண்டு ஆண்டு உழைப்பின் சாரம் அதில் இருந்தது. ஆனால் உடன்படிக்கை நடைமுறைக்கு வரும் நிபந்தனையாக, அணு உலைகள் உள்ள 44 நாடுகளும் ஏற்புறுதி அளிக்க வேண்டும் என்ற முடிவு இறுதி வாசகத்தில் நின்றது. அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. கையெழுத்திடப் போவதில்லை என்று ஜூன் மாதமே அறிவித்துவிட்ட நாட்டின் ஏற்புறுதியைக் கட்டாயமாக்கும் வாசகம் அது. கடுமையாக எதிர்த்த இந்தியா, ஒருமித்த முடிவு தேவைப்படும் ஜெனிவா மாநாட்டில் வரைவைத் தடுத்தது. வரைவு நியூயார்க்குக்கு எடுத்துச் செல்லப்பட்டு, செப்டம்பர் 10 அன்று பொது அவையில் 158 வாக்குகளுக்கு 3 என்ற கணக்கில் நிறைவேறியது. அந்த 44 நாடுகளின் நிபந்தனை நிறைவேறாததால் உடன்படிக்கை இன்றுவரை நடைமுறைக்கு வரவில்லை.

கடல் சட்ட வரைவோடு இதை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். அங்கே ஒற்றை வரைவு தொடக்கத்தில் வந்து ஏழு ஆண்டுகள் குறைகளைக் கேட்டு வளர்ந்தது. இங்கே ஒற்றை வரைவு முடிவில் வந்தது. குறை கேட்க மீதமிருந்தது சில வாரங்கள். வடிவத்தில் ஒற்றை வரைவாக இருந்தாலும், செயலில் அது ‘ஏற்கிறீர்களா, இல்லையா’ என்ற கடைசிக் கேள்வி மட்டும்தான். குறை கேட்கும் சுற்றுகள் இல்லாத ஒற்றை வரைவு, தலைவரின் தீர்ப்பு.

அப்படியானால் தாமதமாக வரும் தூய வரைவு எப்போதும் தோற்குமா? இல்லை. 2015-இல் பாரிஸ் காலநிலை உடன்பாட்டுக்கான பேச்சு பிப்ரவரியில் 86 பக்க அடைப்புக்குறி வரைவோடு நின்றது. அக்டோபரில் இணைத் தலைவர்கள் அதைச் சுமார் 20 பக்கமாகச் சுருக்கி வைத்தபோது, வளரும் நாடுகள் தங்கள் கருத்துகள் காணாமல் போய்விட்டன என்று எதிர்த்தன. தலைவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. விடுபட்டவற்றை ஒவ்வொரு தரப்பும் மீண்டும் சேர்க்க விட்டார்கள், வரைவு 50 பக்கங்களைத் தாண்டியது. பார்ப்பதற்குப் பின்னடைவு போலத் தோன்றும் அந்த வாரம் ஒரு முதலீடு என்றே நான் சொல்வேன். என் சொல் இருக்கிறது என்று கண்ணால் கண்டபின்தான் நாடுகள் அடுத்த சுருக்கத்தைப் பொறுத்துக்கொண்டன. டிசம்பரில் மாநாட்டுத் தலைவர் லொரான் ஃபாபியுஸ் 29 பக்கம், பிறகு 27 பக்கம் என்று அடுத்தடுத்த நாள்களில் வரைவுகளை வெளியிட்டு, இடையிடையே இரவெல்லாம் தரப்புகளைக் கேட்டு, 12-ஆம் தேதி இறுதி வாசகத்தை வைத்தார். அது நிறைவேறியது.

இப்போது தேர்வுக்கு வருவோம். தரப்புகள் இரண்டே என்றால், பேசுவது ஒரே ஒரு தொகை என்றால், பழைய பேரமே போதும். ஒற்றை வரைவுக்குச் செலவிடும் நாள்கள் வீண். தரப்புகள் பல, பொருள்களும் பல, ஒரு தரப்புக்கு உயிரானது மற்றொன்றுக்கு அற்பமாக இருக்கலாம் என்ற நிலை இருந்தால் ஒற்றை வரைவே தகும். ஏனெனில் அந்த வேறுபாட்டைத் தேடி எடுப்பதுதான் அது செய்யும் வேலை. எல்லாரும் ஓரளவேனும் நம்பும் வரைபவர் ஒருவரும் கிடைக்கவில்லை என்றால், அல்லது ஒரு தரப்பு தன் குரல் கேட்கப்படவில்லை என்ற நெடுநாள் வடுவோடு வந்திருக்கிறது என்றால், அடைப்புக்குறி வரைவில் தொடங்குவதே நல்லது. அதை ஆறு மாதம் ஓட விட்டு, நிலைப்பாடுகள் எல்லாம் தாளில் ஏறியபின், அதே தரப்புகளே சலித்துப்போய் ‘யாராவது ஒருவர் எழுதித் தாருங்கள்’ என்று கேட்கும் நேரம் வரும். அந்த அழைப்பு தரப்புகளிடமிருந்து வருவதற்கும் தலைவர் தாமே முடிவெடுப்பதற்கும் இடையே மலையளவு வேறுபாடு இருக்கிறது.

ஒற்றை வரைவைத் தேர்ந்தபின், அது தடம் புரள்கிறதா என்பதை நான்கு அறிகுறிகளில் காணலாம். ஒவ்வொரு வரைவும் முந்தையதைவிட நீளமாகிக்கொண்டே போனால், வரைபவர் தீர்வு தேடுவதை விட்டுவிட்டு எல்லாரையும் திருப்திப்படுத்த வாசகங்களை ஒட்டிக்கொண்டிருக்கிறார். ஒரு தரப்பு குறைகளுக்குப் பதிலாக முழு மாற்று வரைவையே அனுப்பினால், பேனா தன் எதிரியின் கையில் இருப்பதாக அது நினைக்கிறது; அந்த மாற்று வரைவை மேசைமேல் வைக்காமல், அதற்குள் இருக்கும் தேவையைத் தனியே உட்கார்ந்து கேட்டறிய வேண்டும். ஒரே குறை மூன்றாவது முறையாக வந்தால், சொற்களால் தீராத ஒன்று அங்கே இருக்கிறது; அதை வரைவுக்கு வெளியே எடுத்து வேறொரு முடிவுக்கு அனுப்பும் வழியைப் பார்க்க வேண்டும், சினாய்க் குடியிருப்புகள் நாடாளுமன்றத்துக்குப் போனது போல. நான்காவதுதான் அதிகம் ஏமாற்றுவது: ஒரு தரப்பு குறையே சொல்லாமல் அமைதியாக இருப்பது. அனுபவமற்றவர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வார். பெரும்பாலும் அது, இந்த வரைவு எப்படியும் நிறைவேறப் போவதில்லை, இதில் நேரம் செலவிடத் தேவையில்லை என்ற முடிவு.

கடைசிக் கேள்வியை எப்போது கேட்பது என்பதற்கு ஓர் அளவுகோல் உண்டு. அடுத்தடுத்து இரண்டு சுற்றுகளில் வந்த குறைகள், ஒருவருக்குச் சரிசெய்தால் மற்றொருவருக்குக் கெடும் வகையைச் சேர்ந்தவையாகவே இருந்தால், வரைவு தன் எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்குப் பின்னும் திருத்துவது மறுபடியும் பேரம்தான், வேறு பெயரில். அப்போது வரைபவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, வரைவின் எண்ணையும் தேதியையும் எழுதி, எல்லாருக்கும் ஒரே நாளில் ஒரே பிரதியை அனுப்பி, பதில் சொல்லவும் ஒரே நாளைக் குறிக்க வேண்டும். ஒருவருக்கு ஒரு நாள் முன்னதாகப் போனால்கூட, மற்றவர்கள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.